40 டிகிரியும் 34 டிகிரியும் மாட்டுக்கு ஒன்றுதானா? திருத்தணி பக்கம் அக்னி முடிந்தும் பால் ஏறாதது ஏன்?

கோடைக்காலத்தில் மாலை நேர வானிலைச் செய்தியைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு திருத்தணி பழக்கமான பெயர். வேலூர், கரூர் பரமத்தி, மதுரை என்று வாசிக்கப்படும் அதிக வெப்ப ஊர்களின் பட்டியலில் ஏப்ரல், மே மாதங்களில் திருத்தணியும் தவறாமல் வந்து உட்கார்ந்துவிடும். அந்த வெயில் அப்படியே திருவாலங்காட்டுக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் உண்டு. கரும்பும் நெல்லும் போக, காலையும் மாலையும் சொசைட்டிக்கு ஊற்றும் பாலை நம்பி வீட்டுச் செலவை ஓட்டும் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

மே மாதத்தில் பால் குறைந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. "வெயிலு, மாடு என்ன பண்ணும்" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அக்னி நட்சத்திரம் முடிந்து, ஒன்றிரண்டு மழையும் பெய்து, வெயில் 34, 35 டிகிரிக்கு இறங்கிய பிறகும் கேனில் பால் ஏறாவிட்டால்? அப்போதுதான் தீவனத்தைக் குறை சொல்வது, மாட்டை விற்ற புரோக்கரைத் திட்டுவது எல்லாம் ஆரம்பிக்கும்.

காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. வானிலைச் செய்தியில் நாம் கவனிக்காமல் விடும் இரண்டாவது எண்ணான ஈரப்பதத்தில்.

மாட்டுக்கு வெயில் எப்படித் தெரியும்?

மாட்டின் உடம்பே ஒரு அடுப்பு மாதிரி. வயிற்றின் முதல் அறையில் வைக்கோலும் புல்லும் நாள் முழுக்க நொதித்துக்கொண்டே இருக்கும். அந்த நொதித்தலில் சூடு வரும், பால் சுரப்பதிலும் சூடு வரும். அதிகம் கறக்கும் மாடு அதிகம் தின்னும், அதிகம் சூடாகும். இந்தச் சூட்டை வெளியே தள்ளினால்தான் உடல் வெப்பம் 38.5 டிகிரியை ஒட்டி நிற்கும்.

சுற்றியுள்ள காற்று உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் தள்ளுவது சுலபம். காற்றே 38, 40 டிகிரிக்கு வந்துவிட்டால் அந்த வழி அடைபடும். மிச்சம் இருப்பது ஒரே வழி, நீரை ஆவியாக்குவது. மனிதர்கள் வியர்வையில் இதைச் செய்கிறோம். மாட்டுக்கும் வியர்க்கும், ஆனால் நம்மைப் போல வராது. அதனால் அது மூச்சைக் கூட்டுகிறது. வேக வேகமாக மூச்சு விட்டு, நுரையீரல் ஈரத்தை ஆவியாக்கிச் சூட்டைக் கழிக்கிறது.

இங்கேதான் ஈரப்பதம் குறுக்கே வருகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வையும் ஆவியாகாது, மூச்சும் பெரிதாக உதவாது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மதியம் நமக்கே கசகசவென்று இருக்குமே, அதே நிலைமைதான். நாம் ஃபேன் போட்டுக்கொள்வோம். மாடு கட்டின இடத்தில் நிற்கும்.

இரண்டு எண்களை ஒன்றாக்கும் கணக்கு

வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லத்தான் வெப்ப-ஈரப்பதக் குறியீடு வந்தது. கால்நடைத் துறையில் இதை டி.ஹெச்.ஐ. என்பார்கள். பல சூத்திரங்கள் இருக்கின்றன. அதிகம் பயன்படும் ஒன்று இது:

```
THI = (1.8 × T + 32) − (0.55 − 0.0055 × RH) × (1.8 × T − 26)
```

இதில் T என்பது செல்சியஸில் வெப்பம், RH என்பது சதவீதத்தில் ஈரப்பதம். இரண்டுமே செல்போனில் உள்ள வானிலைச் செயலியில் கிடைக்கும். ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டும் ஒரே நேரத்து எண்களாக இருக்க வேண்டும். மதிய வெப்பத்தையும் விடியற்காலை ஈரப்பதத்தையும் சேர்த்துப் போட்டால் நடக்காத ஒரு நாளுக்குக் கணக்கு வந்துவிடும்.

இப்போது இரண்டு நாட்களை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் மே மாத மதியம். 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம். 1.8-ஐ 40-ஆல் பெருக்கினால் 72. அதில் 32 கூட்டினால் 104. அடுத்த பகுதியில் 0.55-லிருந்து 0.165 போக 0.385. அதை 46-ஆல் பெருக்கினால் 17.7. கழித்தால் வருவது 86.3.

இரண்டாவது நாள் மழைக்குப் பிந்தைய ஒரு மதியம். 34 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம். அதே மாதிரி போட்டால் 93.2-லிருந்து 6.8 போக 86.4.

ஆறு டிகிரி வித்தியாசம் இருந்தும் மாட்டின் மேல் விழும் சுமை இந்தக் கணக்கில் ஒன்றுதான். முதல் நாள் பிரேக்கிங் நியூஸ் ஆகும். இரண்டாவது நாளை யாரும் கண்டுகொள்வதில்லை, "வெயில் இறங்கிடுச்சு" என்று தண்ணீர் தெளிப்பதையும் நிறுத்திவிடுவார்கள். பால் ஏறாததன் ஒரு முக்கியக் காரணம் இதுதான்.

72 என்ற எண்ணை அப்படியே நம்பலாமா?

புத்தகங்களில் 72 என்ற எண்ணைப் பார்க்கலாம். குறியீடு 72-ஐத் தாண்டினால் பால் குறையத் தொடங்கும் என்பது பழைய கணக்கு. அதிகப் பால் தரும் மாடுகளுக்கு 68-லேயே பாதிப்பு ஆரம்பிக்கிறது என்று அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் திருத்தினார்கள். ஜார்ஜியா மாகாணத்து பால் பதிவேடுகளை வைத்து 2000-ம் ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வு, 72-க்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் நாளுக்கு 0.2 கிலோ பால் குறைவதாகச் சொன்னது.

இந்த எண்களைத் திருவாலங்காட்டுக்குக் கொண்டுவரும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். அவை எல்லாம் ஹோல்ஸ்டீன் மாடுகளின் கணக்கு. நம் ஊரில் 24 டிகிரியும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு இதமான மழைக்கால இரவைப் போட்டுப் பார்த்தாலே 74 வருகிறது. அப்படிப் பார்த்தால் இங்குள்ள மாடுகள் ஆண்டின் பெரும்பகுதி 72-க்கு மேலேயேதான் இருக்கின்றன. 86 வரும் நாளில் 14 புள்ளி கூடுதல், புள்ளிக்கு 0.2 கிலோ என்று கணக்குப் போட்டால் பத்து லிட்டர் மாட்டில் கிட்டத்தட்ட 3 லிட்டர் குறைய வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த ஜெர்சி கலப்பினத்துக்கு அந்தக் கணக்கை அப்படியே ஒட்ட முடியாது. எச்.எஃப். ரத்தம் அதிகமுள்ள மாடு சீக்கிரம் திணறும், ஜெர்சி கலப்பினம் அதைவிடத் தாங்கும், நாட்டு மாடு இன்னும் தாங்கும். எருமையின் கதை தனி. கறுப்புத் தோல், வியர்வைச் சுரப்பியும் குறைவு, அதனால்தான் குட்டையைத் தேடிப் போகிறது.

எனவே குறியீட்டை நேற்றையும் இன்றையும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. எவ்வளவு பாதிப்பு என்பதை மாட்டிடமே பார்த்துவிடலாம். அதற்குச் செலவும் கிடையாது.

விலாவைப் பார்த்து எண்ணுங்கள்

மாடு அமைதியாக நிற்கும்போதோ படுத்திருக்கும்போதோ பக்கவாட்டில் நின்று விலா ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். நடத்திக் கூட்டி வந்த உடனே எண்ணக் கூடாது. குளிர்ந்த நேரத்தில் நிமிடத்துக்கு 20 முதல் 40 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் மாடு வெப்பத்தோடு போராடுகிறது என்று அர்த்தம். 80-க்கு மேல் போனால் பாதிப்பு கடுமை. 120-ஐ நெருங்கி, வாயைத் திறந்து, நாக்கை வெளியே நீட்டி, எச்சில் நூலாக ஒழுகினால் அது ஆபத்து.

எண்ணுவதற்கு மதியம் மூன்று மணி ஒரு நேரம். அதைவிட முக்கியமான நேரம் விடியற்காலை. ஐந்து, ஐந்தரைக்கு, கறவைக்கு உட்காருவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். அப்போதும் 60 இருந்தால் ராத்திரி முழுக்க மாடு ஆறவே இல்லை. பகல் வெயில் எவ்வளவு அடித்தாலும், இரவில் சில மணி நேரம் 21 டிகிரிக்குக் கீழே போனால் மாடு சமாளித்துக்கொள்ளும் என்கின்றன ஆய்வுகள். மே மாதத்து திருத்தணியில் அந்தச் சலுகை கிடையாது. இரவு 29 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் குறியீடு 80-ஐத் தாண்டி நிற்கிறது.

மூச்சைத் தவிர வேறு அறிகுறிகளும் உண்டு. மாடு படுக்காமல் நின்றுகொண்டே இருக்கும். நின்றால் உடம்பைச் சுற்றிக் காற்று படும் என்று அதற்குத் தெரியும். பகலில் வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கும். அசை போடுவது குறையும். சொசைட்டியில் கொழுப்பு அளவு இறங்கும். கடைசியாகச் சொன்னதற்குப் பின்னால் ஒரு சங்கிலி இருக்கிறது. வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் உள்ள கரியமில வாயு அதிகம் வெளியேறும். அதை ஈடுகட்ட உடம்பு சோடா உப்புச் சத்தைச் சிறுநீரில் கழிக்கும். வயிற்றின் புளிப்பை அடக்க வேண்டிய எச்சிலும் வெளியே ஒழுகிப் போகும். வயிறு புளிக்கும், கொழுப்பு விழும். ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2023 டிசம்பரில் லிட்டருக்கு 35 ரூபாயிலிருந்து 38 ரூபாயாக உயர்த்தப்பட்டாலும், கையில் வருவது கொழுப்பையும் இதர திடச்சத்தையும் பொறுத்ததுதான். அளவில் ஒரு அடி, தரத்தில் ஒரு அடி என்று இரண்டு பக்கமும் விழுகிறது.

தீனி குறைந்ததால்தானே பால் குறைகிறது?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. அரிசோனாவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டம் மாடுகளை வெப்பத்தில் வைத்தார்கள். இன்னொரு கூட்டத்தைக் குளுமையில் வைத்து, வெப்பத்தில் இருந்தவை எவ்வளவு குறைவாகத் தின்றனவோ அதே அளவு தீனி மட்டும் கொடுத்தார்கள். குளுமையில் அரைவயிறாக இருந்த மாடுகளுக்கும் பால் குறைந்தது, ஆனால் வெப்பத்தில் இருந்தவற்றின் இழப்பில் பாதிகூட வரவில்லை. மீதி இழப்புக்குத் தீனி காரணமில்லை, வெப்பமே உடம்பின் வேலையை மாற்றிவிடுகிறது. பாலாக வேண்டிய சர்க்கரைச் சத்தை உடம்பு வேறு பக்கம் செலவழிக்கிறது.

அதனால்தான் வெயிலில் பால் குறைந்ததும் ஒரு கிலோ அடர் தீவனத்தைக் கூட்டிப் போடுவது பெரும்பாலும் கைக்காசுக்கு நஷ்டம். ஏற்கெனவே புளித்துக் கிடக்கும் வயிற்றில் மாவுச்சத்து இன்னும் புளிக்கும். முதலில் மாட்டைக் குளிர்விக்க வேண்டும், தீனி தானாக ஏறும்.

இன்னொரு விஷயம், இன்றைய வெயில் இன்றே பாலில் தெரியாது. வெப்பத்தின் முழு அடி சுமார் இரண்டு நாள் கழித்துத்தான் கேனில் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை வெயிலுக்கு வியாழக்கிழமை பால் குறையும். வியாழன் அன்று வானம் மூடியிருந்தால், "இன்னிக்கு வெயிலே இல்லையே, ஏன் குறைஞ்சது?" என்ற குழப்பம் வரத்தான் செய்யும். குளிர்விக்க ஆரம்பித்த பிறகும் அதே தாமதம் உண்டு. ஒரு நாள் செய்துவிட்டு "ஒண்ணும் ஏறலை" என்று நிறுத்துபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

சரி, தண்ணீர் தெளித்தால் போதுமா?

எப்படித் தெளிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புகை மாதிரி நீர்த்திவலை பீச்சும் ஃபாகர்களை இப்போது பல கடைகளில் விற்கிறார்கள். அது காற்றைக் குளிர்விக்கும் கருவி. காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு குளிரும்.

ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவை வைத்து இதைக் கணக்குப் போடலாம். 40 டிகிரி, 30 சதவீத ஈரப்பதத்தில் அந்த ஈர வெப்பநிலை சுமார் 26. அதாவது ஃபாகர் கொட்டகைக் காற்றை அதிகபட்சம் 14 டிகிரி வரை இறக்க வாய்ப்புண்டு. நடைமுறையில் திறந்த கொட்டகையில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும், ஆனாலும் பலன் தெரியும். 34 டிகிரி, 65 சதவீத ஈரப்பத நாளில் ஈர வெப்பநிலை 28-க்கு மேல். இறக்க இடம் வெறும் ஐந்தரை டிகிரி. அதற்குள் காற்றில் இன்னும் ஈரம் ஏறி, மாட்டின் மூச்சு வேலை செய்யாமல் போகும். மே மாதம் அருமையாக வேலை செய்த ஃபாகர் ஆகஸ்டில் மாட்டைத் திணறடிப்பதன் ரகசியம் இதுதான்.

இரண்டு காலத்துக்கும் பொருந்தும் வழி வேறு. காற்றை நனைக்காமல் மாட்டை நனைத்து, பிறகு காற்றை அடிப்பது. இஸ்ரேல் பால் பண்ணைகளில் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறார்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை தண்ணீர், அடுத்த நான்கைந்து நிமிடம் காற்று, மறுபடி தண்ணீர். இப்படி 30 முதல் 45 நிமிடம், ஒரு நாளில் பல முறை. ஆவியாகும் ஒவ்வொரு சொட்டும் தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். வெளியேறும் ஈரத்தை ஃபேன் தள்ளிவிடும்.

இரண்டு மாடு உள்ள வீட்டில் இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு டியூப் அல்லது வாளியும் சொம்பும், ஒரு பெடஸ்டல் ஃபேன், இவை இருந்தால் போதும். மாட்டுக்கு மூன்று, நான்கு லிட்டர் தண்ணீரை முதுகு, தோள், விலாப் பக்கம் ஊற்றிக் கையால் தேய்த்து விட வேண்டும். முடியின் மேல் முத்து முத்தாக நின்றால் பிரயோஜனமில்லை, தோல் வரை நனைய வேண்டும். அதேநேரம் வயிற்றுக்குக் கீழே வழிந்து மடியில் சொட்டும் அளவுக்கு ஊற்றக் கூடாது. ஈர மடியும் சேற்றுத் தரையும் சேர்ந்தால் மடிநோய்க்கு வழி திறந்துவிட்டது போல. பிறகு ஐந்து நிமிடம் ஃபேன் காற்று. அரை மணி நேரத்தில் ஆறு தடவை, மொத்தம் 20 லிட்டரைச் சுற்றித் தண்ணீர். ஃபேன் 100 வாட்ஸ் என்றால் நாளெல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட் கரண்ட்கூட ஆகாது. இரண்டு லிட்டர் பால் மிச்சப்பட்டாலே 76 ரூபாய் என்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

எந்த நேரத்தில்? மதியக் கறவைக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு முறை. பொழுது சாய்ந்த பின் ஒரு முறை. இரண்டாவதை யாரும் செய்வதில்லை, ஆனால் அதுதான் அவசியமானது. பகல் முழுக்க ஏறிய சூடு மாட்டின் உடம்பில் உச்சத்துக்கு வருவது மாலையில்தான். கொட்டகையில் காற்று அடங்குவதும் அப்போதுதான். ராத்திரி ஏழு, எட்டு மணிக்கு ஒரு சுற்றுக் குளிர்வித்தால் மாடு இரவுத் தீனியைத் தின்னும், படுக்கும். அரை மணி நேரம் முடிந்த பத்து நிமிடம் கழித்து மூச்சை எண்ணிப் பாருங்கள். 80-ல் இருந்தது 60-க்குக் கீழே வந்திருந்தால் முறை சரி. வராவிட்டால் பெரும்பாலும் ஃபேன் காற்று மாட்டின் மேல் படவில்லை. மாடு நிற்கும் இடத்தில் ஒரு துணி நாடாவைத் தொங்கவிட்டால் தெரிந்துவிடும், நாடா நன்றாகச் சாய்ந்து பறக்க வேண்டும்.

முதுகில் ஈரச் சாக்கு போடும் பழக்கம் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த காற்று வீசும் மே மதியத்தில், சாக்கைத் திரும்பத் திரும்ப நனைத்துக்கொண்டே இருந்தால் அது உதவும். புழுக்கமான நாளில், காற்று இல்லாத கொட்டகையில் போட்டால் கம்பளி போர்த்தியது மாதிரி ஆகிவிடும். சாக்கைத் தொட்டுப் பார்த்து சூடாக இருந்தால் எடுத்துவிடுவதே மேல்.

கூரையும் தண்ணீர்த் தொட்டியும்

திருவாலங்காடு என்ற பெயரிலேயே ஆல் இருக்கிறது. மாட்டுக்கு மர நிழலைவிட நல்ல கொட்டகை கிடையாது. இலைகள் வெயிலைத் தடுப்பதோடு தாங்களும் சூடேறாமல் இருக்கும், நாலு பக்கமும் காற்று வரும். ஆனால் இன்றைக்கு நிறைய வீடுகளில் மாடு நிற்பது வீட்டுச் சுவரை ஒட்டி, ஆளுயரத்தில் போட்ட தகர ஷீட் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் கீழே. மதியம் இரண்டு மணிக்கு அந்த ஷீட்டின் அடிப்பக்கம் கையை நீட்டினாலே அனல் அடிக்கும். நிழலில் கட்டியிருக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், மாடு அடுப்புக்குக் கீழே நிற்கும்.

ஷீட்டின் மேல் பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, அதற்கு மேல் கீற்று அல்லது வைக்கோல் பரப்புவது, இரண்டுமே உடனே பலன் தரும். கரும்பு வெட்டு முடிந்த நேரத்தில் தோகையும் கிடைக்கும். புதிதாகப் போடுபவர்கள் உயரத்தைப் பத்து அடிக்குக் குறையாமல் வைக்கலாம். மேற்குப் பக்கம் மட்டும் சாக்குப் படுதாவோ பசுமை வலையோ கட்டி, மற்ற பக்கங்களைத் திறந்து விட வேண்டும். மழை வருமென்று நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டினால் புழுக்கம் இரட்டிப்பாகும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எளிய தவறு எல்லா ஊரிலும் நடக்கிறது. காலையும் மாலையும் கழுநீர் காட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது. பத்து லிட்டர் கறக்கும் மாடு கோடையில் நாளுக்கு 80 லிட்டருக்கு மேல் குடிக்கும், கடும் நாட்களில் 100 லிட்டரையும் தொடும். இரண்டு வேளையில் அவ்வளவையும் குடித்து முடிக்க அதனால் முடியாது. பாலில் 87 சதவீதம் தண்ணீர்தானே, தாகத்தோடு நிற்கும் மாடு எங்கிருந்து கொடுக்கும்? எட்டும் தூரத்தில், நிழலில், நாள் முழுக்கத் தண்ணீர் இருக்க வேண்டும். மொட்டைமாடி பிளாஸ்டிக் டேங்கிலிருந்து மதியம் வரும் தண்ணீரை நம்மாலேயே தொட முடியாது, அதைத் தொட்டியில் பிடித்தால் மாடு மூக்கை வைத்துவிட்டுத் திரும்பும். காலையிலேயே பிடித்து நிழலில் வைத்துக்கொள்வது தீர்வு.

தீனி நேரத்தை மாற்றுவதும் செலவில்லாத வேலை. வைக்கோல் நொதித்துச் சூடு உச்சத்துக்கு வர மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். காலை பத்து மணிக்குப் போட்டால் சரியாக உச்சி வெயிலில் அந்தச் சூடும் சேரும். வைக்கோலை இரவு எட்டு மணிக்கு மேல் தள்ளிவிட்டு, விடியற்காலையிலும் பகலிலும் பசும்புல், அகத்தி மாதிரி ஈரப்பசையுள்ளதைக் கொடுக்கலாம். கோடையில் தாது உப்புக் கலவையோடு சாப்பாட்டு உப்பு கொஞ்சமும், சமையல் சோடா 50 கிராம் அளவிலும் தீவனத்தில் கலப்பது வழக்கம். சோடாவை மட்டும் உங்கள் பகுதி கால்நடை மருத்துவரிடம் மாட்டின் எடையையும் தீனியையும் சொல்லிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இதையெல்லாம் செய்தால் பால் பழையபடி ஏறிவிடுமா?

முழுசாக ஏறாது. 2025 ஜூலையில் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் ஒரு ஆய்வு வெளியானது. இஸ்ரேலில் 1,30,000-க்கும் மேற்பட்ட மாடுகளின் 12 ஆண்டுப் பால் பதிவுகளைப் பார்த்தார்கள். ஈர வெப்பநிலை 26 டிகிரியைத் தாண்டும் கடும் நாளில் பால் 10 சதவீதம் வரை குறைந்தது. ஒரு கடும் நாளின் பாதிப்பு 10 நாளுக்கு மேல் நீடித்தது. உலகிலேயே சிறந்த குளிர்விப்பு வசதிகள் கொண்ட பண்ணைகள் அவை, அங்கேயே இழப்பில் ஏறக்குறைய பாதியைத்தான் தடுக்க முடிந்தது, வெப்பம் ஏற ஏற அந்தப் பங்கும் குறைந்தது. நாம் மேலே கணக்குப் போட்ட 34 டிகிரி நாளின் ஈர வெப்பநிலை அந்த 26-க்கும் இரண்டு டிகிரி மேலே என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே எதிர்பார்ப்பு நியாயமாக இருக்கட்டும். மூன்று லிட்டர் குறைந்த மாட்டில் ஒன்று, ஒன்றரை லிட்டர் திரும்பினால் அது நல்ல பலன்தான். அதைவிட, பால் கணக்கில் உடனே தெரியாத ஒன்று இருக்கிறது. வெப்பத்தில் சினை பிடிப்பது குறையும். ஊசி போட்டும் மறுபடி மறுபடி பருவத்துக்கு வரும். ஒரு பருவம் தவறினால் 21 நாள் போனது போனதுதான்.

குளிர்விக்கும் வேலையில் எப்போதும் மறந்துபோவது வற்றுக் கறவையில் இருக்கும் நிறைசினை மாடு. பால் தரவில்லை என்பதால் அது வெயிலில் மரத்தடி ஓரமாகக் கட்டப்பட்டிருக்கும், ஃபேன் கறவை மாட்டுக்குப் போகும். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து நடந்த ஆய்வுகள், ஈனுவதற்கு முந்தைய கடைசி இரண்டு மாதம் வெப்பத்தில் வாடிய மாடு அடுத்த ஈற்றில் குறைவாகவே கறக்கிறது என்று காட்டின. அந்த நேரத்தில்தான் மடியில் அடுத்த ஈற்றுக்கான பால் செல்கள் உருவாகின்றன. கன்றும் எடை குறைந்து பிறக்கிறது. மே மாதம் சினையாக நின்ற மாடு ஜூலையில் ஈன்று, "போன தடவை மாதிரி இல்லையே" என்று சொல்ல வைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எப்போது மருத்துவரைக் கூப்பிட வேண்டும்?

வாய் திறந்தபடி மூச்சு வாங்கி, நாக்கு வெளியே தொங்கி, தள்ளாடி, எழுந்திருக்க முடியாமல் போனால் காத்திருக்க நேரமில்லை. ஆசன வாயில் வைக்கும் தெர்மாமீட்டர் 41 டிகிரி, அதாவது ஃபாரன்ஹீட்டில் 106-க்கு அருகில் காட்டினாலும் அப்படியே. மாட்டை நடத்திக் கூட்டிப் போகாமல், இருக்கும் இடத்திலேயே நிழல் கட்டி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஃபேனையோ முறத்தையோ வைத்துக் காற்று அடியுங்கள். தலை நிமிர்த்தி விழுங்க முடியாத மாட்டுக்கு வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். கால்நடை அவசர ஊர்திக்கான கட்டணமில்லா எண் 1962. பேசும்போது மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, எத்தனை மாத சினை, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது என்ற மூன்றையும் சொல்லிவிட்டால் வருபவர்கள் தயாராக வருவார்கள்.